தகரப் பெட்டியில் இரண்டு ஒப்பந்தங்கள்: அந்த 900 திர்ஹாம் எங்கே போனது?

கேள்வி: வணக்கம் மேடம். கூத்தாநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா 1994ல் சார்ஜாவுக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போனார். 2006ல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். போன வருடம் தவறிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு வேலை ஒப்பந்தங்கள் இருந்தன. ஏஜென்ட் கொடுத்ததில் சம்பளம் 900 திர்ஹாம். அரபியும் இங்கிலீஷும் கலந்த இன்னொன்றில் 600. மாதம் 300 வீதம் 12 வருடம் ஏமாற்றியிருக்கிறார்கள். இன்றைய மதிப்பில் 10 லட்சம் ரூபாய் வரும். ஏஜென்டுக்குப் பணம் கட்ட அப்பா இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு விட்டவர். இதையே ஒரு சிறுகதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்தறிவில்லாத அப்பா படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார், மகன் பின்னாளில் அதைப் படித்துப் பார்த்துக் கிழித்து ஆற்றில் விடுகிறான். கதையில் சட்டப் பிழை இருக்கிறதா? கம்பெனி மேலும் ஏஜென்ட் மேலும் இப்போது வழக்குப் போட முடியுமா? அந்த ஏஜென்ட் இன்றும் எங்கள் ஊரில் வசதியாக இருக்கிறார். தம்பிக்கும் இப்போது அபுதாபியில் ஒரு வேலை வந்திருக்கிறது, 'எல்லாம் சேர்த்து 2,000 திர்ஹாம்' என்கிறார்கள். பெட்டியில் இருந்த பாஸ்போர்ட், அப்பாவின் கணக்கு நோட்டு, செட்டில்மென்ட் தாள், பாங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். கதையில் வேண்டுமானால் கிழியுங்கள், நிஜத்தில் அந்தத் தாள்களைக் கிழித்துவிடாதீர்கள். நகல்களைப் பொறுமையாகப் படித்தேன். ஏமாற்று நடந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் நடக்கவில்லை, நீங்கள் போட்ட தொகையும் இல்லை.

எந்தத் தாள் செல்லும்?

600 போட்ட தாளைப் போலி என்று நீங்கள் எடுத்துக்கொண்டது தெரிகிறது. அங்கே செல்லுபடியாவது அதுதான். அமீரகத்தில் அப்போது நடைமுறையில் இருந்தது 1980ஆம் ஆண்டின் 8ஆம் எண் தொழிலாளர் சட்டம். அதன்படி ஒப்பந்தம் இரண்டு பிரதிகளாகப் போட்டு, ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும். வேறு மொழியும் சேர்ந்திருந்தால் அரபியில் உள்ளதே செல்லும். உங்கள் தாளில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறது. அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தேன்: அடிப்படைச் சம்பளம் 600, சாப்பாட்டுப் படி 150. இங்கிலீஷில் உள்ளதும் அதேதான்.

900 போட்ட தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி முத்திரை இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அந்த அனுமதி வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒரு ஒப்பந்தத்தைக் காட்டியிருக்க வேண்டும். அங்கே காட்டியது இந்தத் தாள் என்பதற்கு இதில் ஒரு அடையாளமும் இல்லை. பெரும்பாலும் இது உங்கள் வீட்டில் காட்டுவதற்காக அடித்த தாள். அந்தக் காலத்தில் இது சர்வசாதாரணம்: ஊரில் காட்ட ஒரு தாள், ஆபீசில் காட்ட ஒரு தாள், இறங்கியதும் கையெழுத்துப் போட ஒரு தாள்.

900 எப்படி வந்தது?

அந்த எண் சும்மா வாயில் வந்த எண் இல்லை. கணக்குப் போட்டால் புரியும். 600ஐ 30 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 20 திர்ஹாம், எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 2.50. ஓ.டி. பார்த்தால் அதற்கு மேல் 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் ஓ.டி. மணிக்கு 3.125. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேரம், அதாவது 162.50. இப்போது கூட்டுங்கள்: பேசிக் 600, சாப்பாடு 150, ஓ.டி. 162.50. மொத்தம் 912.50. அதைத்தான் ஏஜென்ட் '900 சம்பளம்' என்று சொல்லியிருக்கிறார். விடாமல் ஓ.டி. பார்த்தால் கிடைக்கக்கூடிய தொகையைச் சம்பளம் என்று விற்றிருக்கிறார்.

அப்பாவின் நோட்டும் இதையே சொல்கிறது. 1995 மார்ச் பக்கத்தில் '600, 150, ஓ.டி. 52 மணி, 130, மொத்தம் 880' என்று எழுதியிருக்கிறார். அதற்கு முந்தைய மாதம் 770தான் வந்திருக்கிறது. அந்தப் பிப்ரவரியில் ரமலான். வேலை நேரம் இரண்டு மணி குறையும், அந்த மாதம் ஓ.டி. எட்டே மணி நேரம்தான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆக, மாதா மாதம் 300 திருடுபோனது என்ற உங்கள் கணக்கு நிற்காது. 10 லட்சமும் நிற்காது. இதைக் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம்.

உண்மையில் குறைந்தது எங்கே?

இரண்டு இடத்தில். முதலாவது, அந்த மார்ச் பக்கத்திலேயே இருக்கிறது. 52 மணி நேரத்துக்கு 130 என்றால் மணிக்கு 2.50. ஓ.டி.க்கும் சாதாரணக் கூலியையே கொடுத்திருக்கிறார்கள். சட்டப்படி வர வேண்டியது 162.50, அதில் 32.50 குறைந்திருக்கிறது. அப்போதைய மதிப்பில் ஒரு திர்ஹாம் சுமார் எட்டரை ரூபாய் என்று வைத்தால் மாதம் 275 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். ரமலான் மாதத்தைக் கழித்து 11 மாதம் என்று போட்டால் வருடத்துக்கு 357.50 திர்ஹாம், ஏறக்குறைய 3,000 ரூபாய். அன்றைக்கு ஒத்தி நிலத்தை மீட்கத் தவித்த வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

இந்த நோட்டில் நான் நின்று பார்த்த இடம் ஒன்று உண்டு. 1997 பிப்ரவரிப் பக்கத்தில் 2.50க்குப் பக்கத்தில் வேறு மையில் '3.12' என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார். அடுத்த மாதமும் 2.50தான் வந்திருக்கிறது. அவருக்கு யார் சொன்னார்களோ, எங்கே கேட்டாரோ, சட்டம் சொல்லும் விலை அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கதையில் வரும் எழுத்தறிவில்லாத அப்பா, இந்த நோட்டை எழுதியவர் இல்லை. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். விசா கம்பெனி கையில். கோபித்துக்கொண்டு கம்பெனி மாறலாம் என்றால் தடை போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நிலம் ஒத்தியில் இருக்கும்போது யார் அந்த ரிஸ்க் எடுப்பார்கள்?

இரண்டாவது இடம் செட்டில்மென்ட் தாள். பணிக்கொடை என்பது முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், ஓ.டி., சாப்பாட்டுப் படி எதுவும் சேராது. 2006ல் அப்பாவின் பேசிக் 800. முதல் ஐந்து வருடத்துக்கு 105 நாள், அடுத்த ஏழு வருடத்துக்கு 210 நாள், மொத்தம் 315 நாள். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால் இது பத்தரை மாதச் சம்பளம், 8,400 திர்ஹாம். தாளில் கொடுத்திருப்பது 6,720. இந்த எண்ணை 800ஆல் வகுத்துப் பார்த்தேன், 8.4 மாதம், அதாவது 252 நாள். பன்னிரண்டு வருடத்துக்கும் 21 நாள் வீதமே போட்டுவிட்டார்கள். 1,680 திர்ஹாம் குறைந்திருக்கிறது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20,000 ரூபாய்.

தானாக வேலையை விட்டதால் குறைத்திருப்பார்களோ என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தச் சட்டத்தில் அப்படிக் குறைப்பு உண்டு, ஆனால் ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் முழுத் தொகை உண்டு. அப்பா பார்த்தது பன்னிரண்டு வருடம்.

பேசிக்கைக் குறைவாக வைத்து மற்றதைப் படியாகவும் ஓ.டி.யாகவும் காட்டுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். மாதாமாதம் கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் அடி விழும்.

இப்போது வழக்குப் போட முடியுமா?

கம்பெனி மேல் முடியாது. அந்தச் சட்டப்படி, பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். பணிக்கொடைக்கு அந்தக் காலம் 2007லேயே முடிந்துவிட்டது. ஓ.டி. பாக்கிக்கு அதற்கும் முன்பே. வாரிசுகளான உங்களுக்கு அப்பாவுக்கு இருந்த உரிமைதான் வரும், அவருக்கு இல்லாமல் போனது உங்களுக்குப் புதிதாக முளைக்காது. 'பழைய கேஸ் எல்லாம் எம்பஸி மூலம் வாங்கித் தருகிறோம்' என்று யாராவது கமிஷன் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் 'நான் இப்போதுதானே கண்டுபிடித்தேன், இன்றிலிருந்து மூன்று வருடம் இருக்காதா?' என்று கேட்பீர்கள். ஒப்பந்த மீறலுக்கு நம் காலவரையறைச் சட்டத்தில் மூன்று வருடம்தான். மோசடி என்றால் அது தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு என்பது சரி. ஆனால் யாருக்குத் தெரிய வந்த நாள்? ஏமாற்றப்பட்டவருக்கு. 600 போட்ட தாளில் கையெழுத்துப் போட்ட 1994லேயே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியை நீங்கள் திறந்த நாள் கணக்கில் வராது.

கிரிமினல் பக்கமும் பார்த்துவிடலாம். குடிபெயர்வுச் சட்டப்படியான குற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு வருடத் தண்டனை. அதற்கும் மூன்று வருடத்துக்குள் வழக்கு வர வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவுக்கு மட்டும் காலவரம்பு இல்லை, ஏனென்றால் அதற்கு ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. ஆகவே காகிதத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் கட்டிய பணத்துக்கு ரசீது ஒன்றும் நீங்கள் அனுப்பிய நகல்களில் இல்லை. பணம் கொடுத்தவர் இல்லை. '912 வரும் என்று கணக்குப் போட்டுத்தான் 900 என்றேன், 880 வந்திருக்கிறதே' என்று அவர் தரப்பு வக்கீல் மேலே நான் போட்ட அதே கூட்டலைக் கோர்ட்டில் போடுவார். இதில் செலவழிக்காதீர்கள் என்பதுதான் என் யோசனை.

கதை எழுதுவதில் உள்ள ஆபத்து

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கதையில் அந்த ஏஜென்டின் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தெரு, தொழில், கட்டிய கட்டிடம், அவர் வீட்டுக் கல்யாணம் என்று அடையாளங்களை அப்படியே வைத்தால், படிக்கிற ஊர்க்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவதூறு வழக்குக்கு அதுவே போதும். முன்பு 499, 500 என்று இருந்த பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்பது ஒரு விதிவிலக்கு, ஆனால் உண்மை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். நிரூபிக்க என்ன இருக்கிறது என்று மேலே பார்த்தோம். ஆளை வேறு ஊர்க்காரராக்குங்கள். லெட்டர்ஹெட்டில் உள்ள கம்பெனி பெயரும் வேண்டாம்.

கதை எழுதுவது உங்கள் வேலை. சட்டப் பிழை எங்கே என்று கேட்டதால் சொல்கிறேன்: மகன் கிழிக்கிற அந்தத் தாள்தான் அப்பாவுக்கு அங்கே இருந்த ஒரே சாட்சி. பன்னிரண்டு வருடம் கேம்பில் பத்திரமாக வைத்திருந்து, ஊருக்கும் எடுத்து வந்தவர், அதை வெறும் ஞாபகத்துக்காக வைத்திருக்கமாட்டார்.

பாஸ்புக்கை விட்டுவிடாதீர்கள்

நீங்கள் ஒரே ஒரு வார்த்தையில் கடந்துபோன பாஸ்புக்தான் அந்தப் பெட்டியில் இன்னும் உயிரோடு இருக்கிற தாள். என்.ஆர்.ஈ. சேமிப்புக் கணக்கு, கடைசி வரி 2008ல், இருப்பு 41,000 சொச்சம். அதற்குப் பிறகு பணம் எடுத்ததாகப் பதிவில்லை. பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடக்கும் கணக்கின் பணத்தை வங்கி, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடும். மாற்றிவிட்டால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கம்பெனி பாக்கியைப் போல இதற்குக் காலவரம்பு கிடையாது. எப்போது கேட்டாலும் வங்கி வழியாகத் திரும்பக் கிடைக்கும், சேமிப்புக் கணக்கு என்பதால் வட்டியும் உண்டு.

`udgam.rbi.org.in` தளத்தில் அப்பாவின் பெயரைப் பாஸ்புக்கில் உள்ள எழுத்துப்படியே போட்டுத் தேடுங்கள். பாஸ்போர்ட்டிலும் பாஸ்புக்கிலும் இனிஷியல் மாறியிருக்கிறது, இரண்டு விதமாகவும் தேடுங்கள். அங்கே வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கிளைக்கு நேரில் போங்கள். இறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள ஆவணங்கள், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவை கையில் இருக்கட்டும். நாமினி இருந்தால் வங்கி அவரிடம் கொடுத்துவிடும். ஆனால் நாமினி என்பவர் வாங்கி வைப்பவர்தான், பணம் எல்லா வாரிசுகளுக்கும் சேர வேண்டியது. சித்தப்பாவின் பெயர் நாமினியாக இருந்தால் வீட்டில் சண்டை வராமல் இருக்க இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

தம்பியின் வேலை

'எல்லாம் சேர்த்து 2,000' என்ற வார்த்தை உங்கள் காதில் இப்போது வேறு மாதிரி விழும் என்று நம்புகிறேன். ஏஜென்டிடம் தம்பி கேட்க வேண்டியது ஒன்றுதான்: பேசிக் எவ்வளவு? 2022 பிப்ரவரியிலிருந்து அமீரகத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனால் பணிக்கொடை இன்றும் பேசிக்கை வைத்துத்தான், அதே 21 நாள், 30 நாள் கணக்குத்தான். ஓ.டி.க்கு அதே 25 சதவீதக் கூடுதல்தான். 2,000ல் பேசிக் 1,400ஆ, 800ஆ என்பதில்தான் ஐந்து வருடம் கழித்துக் கிடைக்கும் தொகை இருக்கிறது. 1,400 என்றால் ஐந்து வருடத்துக்கு 4,900 திர்ஹாம், 800 என்றால் 2,800.

விசா எடுப்பதற்கு முன் அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் வேலை வாய்ப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு பதிவாகும் ஒப்பந்தம் அதோடு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கடிதம் தமிழிலும் கிடைக்கும், தமிழில் தரச் சொல்லி வாங்குங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை `emigrate.gov.in` தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான், அதற்கு மேல் கேட்டால், அல்லது ரசீது தர மறுத்தால், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். உள்ளூரில் கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் சப் ஏஜென்டுக்குப் பதிவே இருக்காது, அவர் கையில் பணம் கொடுக்கக் கூடாது. பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

அமீரகத்தில் புகார் கொடுக்கும் காலவரம்பும் 2024 ஆகஸ்ட் கடைசியிலிருந்து மாறியிருக்கிறது: வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம். அப்பாவுக்கு இருந்தது ஒரு வருடம். தம்பி கிளம்பும்போது அப்பாவின் நோட்டில் அந்த 1995 மார்ச் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் அதே மாதிரி மூன்று வரியாகப் பிரித்து எழுதிப் பார்த்து, ஓ.டி. மணிக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கு அனுப்பட்டும்.